அவிழ்ந்த சடையும் மறுபடி கட்டிய சடையும்: டர்பன் அரங்கேற்றம் ஒன்றின் தலையலங்காரம் குறித்த நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரியில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நடந்த ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குத் தலையலங்காரம் செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆடியவள் 17 வயது மாணவி. அரங்கேற்றத்துக்குப் 15 நாள் முன்பு முழு உடையுடனும் முழு நகையுடனும் ஓர் ஒத்திகை வைத்தோம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் ஆகிய முதல் மூன்று உருப்படிகளும் குறையில்லாமல் போயின. நிகழ்ச்சியின் மிக நீண்ட உருப்படியான வர்ணம் தொடங்கி ஏறத்தாழ 25 நிமிடம் ஆனபோது, பின்மண்டையில் வைக்கும் வட்ட நகையான ராக்கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தீர்மானம் எனப்படும் அடுத்த ஜதிக் கோவையில் சடையின் அடிப்பகுதி இரண்டு விரல் அளவு கீழே இறங்கியது. அதற்குப் பின் வந்த சுற்றில் சவுரி முழுவதும் கழன்று, இடுப்பில் ஒட்டியாணத்தோடு கட்டியிருந்த நுனியில் மட்டும் தொங்கியது. மாணவி நிறுத்தாமல் ஆடினாள். நட்டுவாங்கம் செய்த குருதான் தாளத்தை நிறுத்தினார்.

நான் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். சடை தளர்வதை முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் இப்படி வேரோடு கழன்றதைப் பார்த்ததில்லை. எனவே அன்று தலையை அவசரமாகப் பிரிக்காமல், ஒவ்வொரு பின்னையும் எடுக்கும்போதே அது எந்த இடத்தில், எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பையும், இரண்டாம் முறை கட்டியதையும், அரங்கேற்ற நாளில் அது எப்படி நின்றது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாணவியின் தலைமுடி. தோளைத் தொடும் நீளம். பின்மண்டையில் அளந்தபோது 28 சென்டிமீட்டர் இருந்தது. மெல்லிய இழை. முந்தைய ஆண்டு ரசாயனம் போட்டு நேராக்கியிருந்தார்கள், அதனால் வழுவழுப்பு அதிகம். லேயர் கட் செய்திருந்ததால் காதோரத்திலும் நெற்றிப்பொட்டிலும் 10 சென்டிமீட்டருக்கும் குறைவான குட்டை முடிகள் நிறைய இருந்தன. எங்கள் ஊரில் இன்று அரங்கேற்றம் செய்யும் பெண்களில் பலருக்கும் ஏறக்குறைய இப்படித்தான் முடி இருக்கிறது. முழங்கால் வரை கூந்தல் வளர்த்த பெண்ணுக்காக உண்டான அலங்காரத்தை இந்த முடியின் மேல் நிறுத்துவதுதான் வேலையின் சிக்கல்.

ஒத்திகையன்று நான் செய்தது வழக்கமான முறை. காலையில் தலைக்குக் குளித்து வந்த முடியில் ஜெல் தடவி, நடுவகிடு எடுத்து, பின்மண்டையின் நடுவில் ரப்பர் பேண்ட் போட்டுக் குதிரைவால் கட்டினேன். அதன் மேல் மனித முடியாலான சவுரியை வைத்து ஸ்லைடுகளாலும் கொண்டை ஊசிகளாலும் குத்தினேன். சவுரியோடு சேர்த்துப் பின்னி, பின்னலின் மேல் உலோகத் தகடு பதித்த ஜடைநாகம் கட்டி, முனையில் மூன்று குஞ்சலம் தொங்கவிட்டேன். ராக்கொடி, நெற்றிச்சுட்டி, வகிட்டின் இரு பக்கமும் வைக்கும் சூரியன், சந்திரன் ஆகிய நகைகள் எல்லாமே பின்களின் பிடியில்தான் இருந்தன. ஆடும்போது சடை கைகளில் அடிக்காமல் இருப்பதற்காகக் குஞ்சலத்துக்குச் சற்று மேலே நூல் கட்டி ஒட்டியாணத்தோடு இறுக்கினேன். மொத்தம் 46 பின்கள் போயிருந்தன.

பிரித்து எடுத்தபோது என் கைக்கு வந்தவை 41. மூன்று பின்கள் ரவிக்கையின் முதுகில் கிடந்தன. ஒன்று மேடையில் கிடைத்தது, மாணவியின் குதிகாலில் ஏறியிருந்த நிலையில். கடைசி ஒன்று கிடைக்கவேயில்லை. வெறுங்காலோடு ஆடும் கலையில் மேடையில் விழும் பின் எப்படிப்பட்ட ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. குத்தியது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று எண்ணி எழுதும் பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

கைக்கு வந்த பின்களில் இரண்டு வகைத் தோல்வி தெரிந்தது. நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் இருந்தவை நேராகவே இருந்தன, வளையவில்லை; ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த முடி ஈரமாக, வெள்ளையாகக் குழைந்த ஜெல்லோடு வழுக்கிக்கொண்டிருந்தது. சடையின் அடியில் இருந்த கொண்டை ஊசிகளோ கால்கள் விரிந்து, சில ஏறக்குறைய ஆங்கில எழுத்து வி போல ஆகியிருந்தன. முன்புறத்தில் பிடிப்பு போயிருக்கிறது, பின்புறத்தில் பளு இழுத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதால் ஒரே மருந்தைக் கொடுத்தால் தீராது. இப்படி நேர்ந்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது இன்னும் 20 பின் சேர்த்துக் குத்துவதுதான். நானும் பல முறை அதைச் செய்திருக்கிறேன். வழுக்கும் முடியில் குத்திய 20 பின்களும் சேர்ந்துதான் வழுக்கும்.

முன்புறக் காரணம் எளிது. முடி இழை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, சீவி வைத்த வடிவம் கலைந்துவிடும். கடைகளில் கிடைக்கும் ஜெல்களில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையும் வகை. காயும்போது இறுகும் அதே படலம் வியர்வை பட்டதும் மறுபடி கூழாகிறது. டர்பனின் பிப்ரவரி, வெயில் 28 டிகிரியைச் சுற்றி நின்றாலும், கடற்காற்றின் ஈரத்தால் வியர்வையைக் காயவிடாத மாதம். அந்த மண்டபத்தில் இருந்தவையும் பழைய ஹாலோஜன் விளக்குகள். மேடையின் முன் நடுவில் நின்றால் தலை உச்சி சுடுவது கையை வைத்தாலே தெரியும். இதற்கு மேல், அன்று காலையில்தான் ஷாம்பூ போட்டதால் இழைகளுக்கிடையே உராய்வு மிகக் குறைவாக இருந்தது.

பின்புறக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. முதலில் சடையைச் சமையலறைத் தராசில் வைத்தேன். சவுரி, ஜடைநாகம், குஞ்சலம் எல்லாம் சேர்ந்து 640 கிராம். ஈரமாக இருந்தபோது நிறுத்திருந்தால் இன்னும் கூடியிருக்கும், ஏனென்றால் மனித முடிச் சவுரியும் வியர்வையைக் குடிக்கும். ஆனாலும் எடை மட்டும் காரணமாக இருந்திருந்தால் ஜதிஸ்வரத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். வர்ணம் வரை ஏன் காத்திருந்தது என்பதற்கு எடையில் விடை இல்லை.

விடை அளவு நாடாவில் இருந்தது. மாணவியை நேராக நிற்கவைத்து, சடை தொடங்கும் இடத்திலிருந்து ஒட்டியாணம் வரை முதுகின் வழியாக அளந்தேன்: 49 சென்டிமீட்டர். பிறகு, தாழ்ந்த பார்வையோடு தலையைக் குனியும் அதோமுகத்தில் நிற்கச் சொல்லி அதே இரண்டு புள்ளிகளுக்கிடையே அளந்தேன்: 57 சென்டிமீட்டர். வர்ணத்தில் சஞ்சாரி எனப்படும் அபிநய விரிவில் அவள் முதுகையும் வளைத்துப் பூப்பறிக்கும் இடத்தில் 59. நான் சடையை ஒட்டியாணத்தோடு கட்டியது அவள் நேராக நின்றபோது, துளியும் தளர்வு விடாமல். அதாவது அவள் ஒவ்வொரு முறை குனியும்போதும் இல்லாத 8 முதல் 10 சென்டிமீட்டரைச் சடை எங்கிருந்தாவது தேட வேண்டியிருந்தது. ஒட்டியாணம் அசையாது, எனவே இழுப்பு முழுவதும் மண்டையின் பக்கம் வந்து, கொண்டை ஊசிகளின் கால்களை விரித்தது. அலாரிப்பில் தலை பெரும்பாலும் சமநிலையில் இருக்கும், கழுத்துதான் பக்கவாட்டில் அசையும். ஜதிஸ்வரத்தில் குனிதல் குறைவு. வர்ணத்தில்தான் அபிநயமும் குனிவும் மாறி மாறி வந்தன. வீடியோவை எண்ணிப் பார்த்தபோது அந்த 25 நிமிடத்தில் அவள் ஆழமாகக் குனிந்தது 37 முறை. ஒவ்வொரு முறையும் ஊசி கொஞ்சம் விரிந்திருக்கிறது. கடைசியில் சுற்று வந்தபோது பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கட்டாமலே விடலாமே என்று மாணவியின் பாட்டி, அவள் அழைப்பதுபோல் சொன்னால் ஆயா, கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆனால் நொடிக்கு ஒரு சுற்று வேகத்தில் சுழலும்போது, உடலின் அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் வெளியே வீசப்படும் குஞ்சலம் ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். சுற்று நின்றதும் அது நிற்காமல் வந்து முழங்கையில் மோதும். கட்டவும் வேண்டும், கட்டிய இடம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

இரண்டாவது முறைக்கு நான் உதவி கேட்டது எங்கள் நாட்டியக்காரர்களிடம் அல்ல. டர்பன் நகர மையத்தில் தலைப்பின்னல் போடும் ஒரு ஜூலு அம்மாள் எனக்குப் பழக்கம். வாடிக்கையாளர்கள் வாரக்கணக்கில் தூங்கி, குளித்து, வேலைக்குப் போய், பேருந்தில் தொங்கியும் அவர் தைத்த முடி அசைவதில்லை. மூன்று மணி நேரம் நிற்கவேண்டிய என் சடை நிற்கவில்லை என்றால் அவரிடம் கற்க ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. அவர் என் கொண்டை ஊசிகளைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: பின் என்பது முடியைப் படுக்கவைக்க, சுமக்கவைக்க நூல் வேண்டும்.

அவருடைய முறையின் அடிப்படை, தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ. மண்டையிலிருந்து முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே பின்னுவதால், அந்தச் சிறுபின்னலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் நூற்றுக்கணக்கான வேர்களில் பிடித்திருக்கும். அதன் அடியில் வளைந்த ஊசியை நுழைத்து நூலால் தைத்தால், தொங்கும் பளு ஒரு புள்ளியில் விழாமல் பின்னல் முழுவதும் பரவிவிடும். இந்த அடித்தளத்தைப் பரதநாட்டியத் தலையில் எங்கே மறைப்பது என்பதுதான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து யோசித்த விஷயம். நடுவகிட்டோடு படிந்த முன்முடி வெளியே தெரிய வேண்டும். அங்கே கார்ன்ரோ கூடாது. ஆனால் பின்மண்டையில் ராக்கொடியும் பூவும் சேர்ந்து ஒரு பெரிய வட்டத்தை மூடுகின்றன. எனவே அந்த வட்டத்துக்குள்ளேயே, 9 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரே ஒரு வளையமாகக் கார்ன்ரோ போட்டோம்.

அரங்கேற்ற நாளில் செய்த வரிசையைச் சொல்கிறேன். தலைக்குக் குளித்தது முந்தைய நாள் காலை, எண்ணெய் வைக்கவில்லை. ஒரு நாள் பழகிய முடியில் இயல்பாக ஊறும் மெல்லிய பிசுக்கு பின்னலுக்குப் போதுமான பிடிப்பைத் தருகிறது. நிகழ்ச்சி மாலை 5 மணிக்கு. நான் தொடங்கியது பிற்பகல் 1 மணிக்கு. நெற்றியிலிருந்து ஒரு கையகலத்துக்கு முன்முடி முழுவதையும் பிரித்து ஒதுக்கிக் கிளிப் போட்டேன். மீதி முடியில் வளையத்துக்குள் இருந்ததைக் குதிரைவாலாகக் கட்டினேன். ரப்பர் பேண்டுக்குப் பதிலாகக் கறுப்பு எலாஸ்டிக் நாடாவை நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டேன், ரப்பர் வெப்பத்தில் நெகிழும், எடுக்கும்போது முடியையும் பிடுங்கும். அதைச் சுற்றி, இடது காதுக்குப் பின்னால் இருந்து தொடங்கி வளையப் பின்னலைப் போட்டு, முனையைக் குதிரைவாலின் அடியில் தைத்தோம்.

சவுரியையும் மாற்றினேன். மனித முடிக்குப் பதிலாக, பின்னல் போடும் கடைகளில் விற்கும் கனேகலான் செயற்கை இழையை எடுத்தேன். அது வியர்வையைக் குடிக்காது, எடையும் குறைவு, பளபளப்பற்ற கறுப்பில் வாங்கினால் மேடையிலிருந்து வேறுபாடு தெரியாது. ஒரு குறை உண்டு: சில பொட்டலங்களின் இழை மேல் ஒரு பூச்சு இருக்கும், அது சிலருக்குக் கழுத்தில் அரிப்பைக் கொடுக்கும். பின்னல் போடுபவர்கள் வினிகர் கலந்த வெந்நீரில் இழையை ஊறவைப்பார்கள். மேலே வெள்ளையாக ஒரு படலம் மிதந்து வரும். அதை அலசிக் காயவைத்த பிறகே பயன்படுத்தினேன். இழைக்கற்றையை நடுவில் மடித்து, மடிப்பைக் குதிரைவாலின் அடியில் மாட்டி, முதல் மூன்று பின்னலுக்கு மாணவியின் சொந்த முடியும் கலந்து வருமாறு பின்னினேன். பிறகு வளைந்த ஊசியால் மடிப்பை வளையத்தோடு நான்கு இடங்களில் தைத்தேன்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒவ்வொரு இடத்திலும் நூல் கார்ன்ரோவின் அடியில் முழுவதுமாகச் சுற்றி வர வேண்டும். மேலோட்டமாக நாலு இழையைக் குத்தி எடுத்தால் அந்த நாலு இழைதான் பளுவைத் தாங்கும், வலியும் அங்கேதான் வரும்.

உலோகத் தகட்டு ஜடைநாகத்துக்குப் பதிலாக, துணியில் ஜரிகையும் கல்லும் தைத்த ஒன்றைக் கட்டினேன். குரு முதலில் தயங்கினார். விளக்கொளியில் பார்த்த பிறகு சம்மதித்தார். குஞ்சலம் மூன்றும் பட்டு நூலால் ஆனவை. இப்போது சடை முழுவதும் 370 கிராம்.

ஒட்டியாணத்தில் கட்டும் இடத்தில் நேர்முடிச்சை விட்டுவிட்டு, ஒரு விரல் நீளக் கறுப்பு எலாஸ்டிக் வளையத்தைச் சடையின் உட்புறம் தைத்து, அதை ஒட்டியாணத்தின் பின்புறக் கொக்கியில் மாட்டினேன். மாட்டியது அவள் முழுவதும் குனிந்து நின்ற நிலையில். நிமிர்ந்தபோது சடை முதுகில் லேசாக வளைந்து தொங்கியது. பார்வைக்கு அது நேர்க்கோடாக இருக்காது என்பது உண்மைதான். முதல் வரிசையில் உட்காரும் அனுபவமுள்ள கண் அதைக் கண்டுபிடிக்கும். அந்த வளைவை நான் குறையாக எண்ணவில்லை.

நகைகளில் ராக்கொடிக்குத்தான் அதிக நேரம் ஆனது. அதன் விளிம்பில் இருக்கும் துளைகளில் நூல் கோத்து, வளையத்தோடு ஆறு இடங்களில் தைத்தேன். நெற்றிச்சுட்டியின் வகிட்டுச் சங்கிலி பின்னால் வந்து முடியும் கொக்கியில் நூல் கட்டி, அதையும் வளையத்துக்குக் கொண்டுபோனேன். பக்கச் சங்கிலிகள் காதுக்கு மேலே பின்னால் போய் அதே வளையத்தில் முடிந்தன. வலப்பக்கச் சூரியனும் இடப்பக்கச் சந்திரனும் மட்டும் வளையத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. அவற்றுக்கு முன்முடியின் அடியில், பக்கத்துக்கு ஒரு மிகச் சிறிய பின்னல் போட்டு அதன் மேல் தைத்தேன். முன்முடிக்கு ஜெல்லைத் தவிர்த்து மெழுகு சார்ந்த பசையைச் சீப்பின் நுனியில் மட்டும் தொட்டுச் சீவி, ஸ்ப்ரே அடித்து, ஒரு மெல்லிய துணியை நெற்றியில் கட்டிப் பத்து நிமிடம் காயவிட்டேன். மெழுகு வியர்வையில் கரையாது. ஆனால் வெப்பத்தில் இளகும், ஆகவே கொஞ்சமாகத்தான் போட வேண்டும். எல்லாம் முடிந்தபோது தலையில் இருந்த பின்கள் 18. அவற்றில் எதுவும் எடையைச் சுமக்கவில்லை.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. நெருக்கமாகக் கட்டிய பச்சை மல்லிகைச் சரம் அழகுதான், ஆனால் அது தண்ணீர்ப் பை. விளக்கு வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் வாடி, நூல் தளர்ந்து, மொக்குகள் உதிரத் தொடங்கும். உதிர்ந்த மொக்கின் மேல் மிதித்தால் வழுக்கும். நான் ராக்கொடியைச் சுற்றித் துணிப் பூவும் துணிக் கனகாம்பரமும் தைத்தேன். ஆயா மனம் வருந்தக்கூடாது என்பதற்காக, அவர் வீட்டுத் தோட்டத்தில் பறித்த மல்லிகையில் ஒரு சாண் சரம் சடையின் நடுப்பகுதியில் தைக்கப்பட்டது. உதிர்ந்தாலும் அது சேலை மடிப்பில்தான் விழும்.

இறுக்கத்தைச் சோதிக்க நான் செய்வது எளியது. புருவத்தை உயர்த்தச் சொல்வேன். நெற்றித்தோல் சுருங்கத் தயங்கினாலோ கண்ணோரம் இழுத்தாலோ முன்முடி மிகை இறுக்கம். வளையப் பின்னலின் வேர்களில் வெள்ளைப் புள்ளியாகத் தோல் மேலெழும்பித் தெரிந்தால் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி பின்ன வேண்டும். அடுத்து, சடையின் அடியைப் பிடித்துக் கீழ்நோக்கி மெதுவாக இழுப்பேன். சடை மட்டும் அசைந்தால் தையல் தவறு. தலைத்தோலும் சேர்ந்து அசைந்தால் சரி. அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் முன்பு, வகுப்பறையின் ஜன்னல்களை மூடிவிட்டு, வர்ணத்தை மட்டும் முழுதாக ஆடவைத்து இந்தக் கட்டைச் சோதித்தோம். அன்று சுண்ணக்கட்டியால் வளையத்தின் விளிம்பில், தலைத்தோலில் இரு கோடு போட்டேன். 40 நிமிடத்துக்குப் பிறகும் கோடும் வளையமும் ஒன்றாகவே இருந்தன.

அரங்கேற்ற மாலையில், சப்தம் நடந்துகொண்டிருந்தபோது லோட்ஷெட்டிங் என்று இங்கே சொல்லும் மின்வெட்டு தொடங்கியது. மண்டபத்தின் ஜெனரேட்டர் விளக்கையும் ஒலிபெருக்கியையும் தாங்கியது, குளிர்சாதனத்தைத் தாங்கவில்லை. வர்ணம் முழுவதும் மூடிய மண்டபத்தில், ஹாலோஜன் விளக்கின் கீழ் நடந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்குப் பக்கவாத்தியக்காரர்களின் சட்டை முதுகோடு ஒட்டுவது தெரிந்தது. சடை நின்றது. அவள் பூப்பறிக்கக் குனிந்த ஒவ்வொரு முறையும் எலாஸ்டிக் வளையம் நீண்டு சுருங்கியதை இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

இடைவேளையில் உடை மாற்றம். இங்கே ஒரு தவறு நேர இருந்தது. உதவிக்கு வந்த அவளுடைய சித்தி, சடையின் கொக்கியைக் கழற்றாமல் ஒட்டியாணத்தை அவிழ்த்து இழுக்கப் போனார். நான் கையைப் பிடித்தேன். கொக்கி முதலில், ஒட்டியாணம் பிறகு, நகை கடைசியில் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். தலையைச் சோதித்தபோது ஒரே ஒரு இடம் நகர்ந்திருந்தது: வலப்பக்கச் சூரியன் அரை விரல் அளவு கீழே சாய்ந்திருந்தது. லேயர் கட்டின் குட்டை முடிகள் அந்தப் பக்கத்துச் சிறுபின்னலிலிருந்து வியர்வையில் நழுவி வெளியே வந்திருந்தன. அந்த இடத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, துடைக்காமல், நெற்றிச்சுட்டியின் பக்கச் சங்கிலியோடு சூரியனை இரண்டு தையல் போட்டுச் சேர்த்தேன். பதம், ஜாவளி, தில்லானா, மங்களம் வரை அது அசையவில்லை. முதல் உருப்படியிலிருந்து மங்களம் வரை, இடைவேளை நீங்கலாக, இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. வளையம் போடும் இடத்தில் குறைந்தது எட்டு, பத்து சென்டிமீட்டர் முடியாவது இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் வியர்வையில் பின்னல் தானாகவே பிரியும், அங்கே தலைக்குப் பொருந்தும் முழு விக்குதான் வழி. தலைத்தோலில் புண், படை, அண்மையில் முடி உதிர்வு என்று ஏதேனும் இருந்தால் நான் கார்ன்ரோ போடுவதில்லை. வாரந்தோறும் மேடையேறும் பெண்களுக்கும் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வளையம் கூடாது. தொடர்ந்த இழுப்பால் முன்நெற்றியிலும் காதோரத்திலும் முடி நிரந்தரமாக உதிர்வது நாட்டியக்காரர்களிடமும் உண்டு, பின்னல் போடுவோரிடமும் உண்டு. வேர்களில் சிறு சிறு கொப்புளம், சீவும்போது குத்தும் வலி ஆகியவை அதன் முதல் அறிகுறிகள்.

பிரிப்பதற்கு 50 நிமிடம் ஆனது. நூலை முனை மழுங்கிய கத்தரியால், வளையத்தின் மேற்புறத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். அடியில் விட்டால் முடியும் சேர்ந்து போகும். நான் கறுப்பு முடியில் கறுப்பு நூலைத் தைத்திருந்ததால் தையல் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நேரம் கழிந்தது. இப்போது மறைவாக இருக்கும் தையல்களுக்கு அடர் நீல நூலைப் பயன்படுத்துகிறேன். பின்கள் 18-ம் திரும்பி வந்தன. மாணவிக்கு நெற்றியில் வலி இல்லை. இடது காதுக்குப் பின்னால், வளையம் தொடங்கிய இடத்தில் மட்டும் இரண்டு நாள் தொட்டால் வலித்தது என்று அவளுடைய அம்மா தொலைபேசியில் சொன்னார். தொடங்கும்போது கையில் வேகம் இருக்கும், முதல் மூன்று பின்னல் எப்போதும் தேவைக்கு மேல் இறுகிவிடும். அடுத்த தலைக்கு வளையத்தைக் காதுக்குப் பின்னால் தொடங்காமல், தோல் தடித்திருக்கும் பிடரியின் நடுவிலிருந்து தொடங்கினேன்.